வந்ததை மட்டும் வாசிக்கவும்

மைக் கையில் கிடைத்தால் நான் விடமாட்டேன். கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்க்கிறேன். ஆனால் மதுரையில் பாதிப் பேருக்கு என்னை மைக்கோடு சேர்த்துத்தான் தெரியும். சர்ச் கன்வென்ஷன், ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, எதுவானாலும் "ஷெரினைக் கூப்பிடு, இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்பார்கள். அது புகழ்ச்சியா கேலியா என்று நான் ஆராய்ந்ததில்லை.

வண்டியூரில் இருக்கும் ஒளிமுகம் சிறப்புப் பள்ளிக்கு வேன் வாங்க, சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை ஆறு வரை யூடியூப் நேரலை. போன வருஷமும் நான்தான் நடத்தினேன். போன வருஷம் எழுதி வைத்து எதுவும் பேசவில்லை. இந்த வருஷம் பதினோரு பக்கம் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

நேரலையில் விருந்தினர் பேசுவது பெரிய காரியமில்லை. ஒருவர் எழுந்து போய் அடுத்தவர் வந்து உட்காரும் வரை இருக்கிற இடைவெளிதான் ஆளைக் கொல்லும். அரை நிமிஷம் நாம் முழித்தால் பார்க்கிறவர் வேறு பக்கம் போய்விடுவார். அதனால் மூன்று அட்டைகள் வைத்திருந்தேன். இரண்டு நிமிஷ அட்டையில், பணம் போடும் முறை: "கியூஆரை ஸ்கேன் செய்ததும் பள்ளியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள், வேறு பெயர் வந்தால் போடாதீர்கள்." ஐந்து நிமிஷ அட்டையில், வேன் எந்த வழியில் போகும், யார் யார் ஏறுவார்கள். பத்து நிமிஷ அட்டைக்கு, பிள்ளைகள் டிரம்ஸ் வாசிக்கிற நான்கு நிமிஷ வீடியோவும் அதைப் பற்றிய பேச்சும். விருந்தினர் தாமதம் என்று சொல்லக் கூடாது, அடுத்து என்ன என்று சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையின் கஷ்டத்தையும் காட்டி அழ வைக்கக் கூடாது.

நன்கொடை வாசிப்புக்குத் தனிப் பக்கம். கால் மணிக்கு ஒருமுறை. பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான். போன் நம்பர் வாசிக்கக் கூடாது. ஐம்பது ரூபாயும் ஐம்பதாயிரமும் ஒரே குரலில். பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தேன்: வந்ததை மட்டும் வாசிக்கவும்.

அந்தச் சிவப்பு எழுத்துக்குக் காரணம் அசோக்குமார். திருமங்கலத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். போன வருஷம் மதியம் மூன்றே முக்காலுக்குப் போன் செய்து, "மூணு லட்சம் என் கணக்குல எழுதிக்கங்கம்மா" என்றார். நானும் பல்லெல்லாம் தெரிய, "இலக்கை எட்டிவிட்டோம்!" என்று கத்தினேன். திரையில் பச்சைக் கோடு நிறைந்தது. கமெண்டில் கைதட்டல் மழை. அதற்குப் பிறகு இரண்டேகால் மணி நேரத்தில் வந்தது மொத்தம் ஆயிரத்து நூறு ரூபாய். நிறைந்த பானையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

அந்த மூன்று லட்சம் வரவேயில்லை. வந்த பணத்தில் பழைய வேனின் இஞ்சினைச் சரிசெய்தார்கள். இந்த மே மாதம், வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்சி கொடுக்க முடியாதென்று ஆர்டிஓ ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. அலங்காநல்லூர்ப் பக்கமும் திருமங்கலம் பக்கமும் பதினேழு பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சாய்பலகை வைத்த செகண்ட் ஹேண்ட் வேன் ஒன்று எட்டு லட்சத்துக்கு இருக்கிறது. மாசக் கடைசி வரை பிடித்து வைப்பதாக டீலர் சொல்லியிருந்தார். முழுத் தொகையும் வேண்டும்.

நேரலை நடந்தது பள்ளி மாடியில் இசை வகுப்பில். கேமராவும் கம்ப்யூட்டரும் என் சித்தி மகன் ஜினோ பொறுப்பு. பதினைந்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன். என் காதில் ஒரு இயர்போன், அதில் அவன் குரல். திரையின் பச்சைக் கோட்டை ஏற்றுவதும் அவன்தான். தொகை எங்கிருந்து வரும் என்றால், தலைமையாசிரியை அற்புதமேரி டீச்சர் கீழே தன் அறையில் வங்கிக் கணக்கைப் பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் ஒரு பட்டியலில் ஏற்றுவார். அது என் முன்னால் இருக்கும் டேப்லெட்டில் தெரியும். டீச்சர் தங்கமானவர். பணக்காரர்களைக் கண்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டே பள்ளி நடத்துகிறவர், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது.

இரண்டு மணி விருந்தினர் அதே அசோக்குமார். நான் வேண்டாமென்றேன். "இந்த வருஷம் பழைய பாக்கியையும் சேத்து அஞ்சு லட்சம் தாரேன்னு சொல்றாருடா" என்றார் டீச்சர். சரி, வரட்டும், பேசட்டும், வாயில் வந்ததை நான் வாசிக்கப் போவதில்லையே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு வந்திருந்தது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. வாசித்தேன். எதிர் நாற்காலி காலி. ஜினோ காதில் சொன்னான்: "அக்கா, ஆளு வந்துட்டாப்ல. கீழ டீச்சர் ரூம்ல டீ குடிக்கிறாரு. மேல வர மாட்டேங்கிறாரு."

இரண்டு நிமிஷ அட்டையை எடுத்தேன். கியூஆர், பள்ளியின் பெயர், வரிவிலக்கு ரசீது எப்படி வரும், எல்லாம் சொன்னேன். நாற்காலி காலி. டிரம்ஸ் வீடியோவை ஓட்டச் சொன்னேன். வீடியோ ஓடுகிற நான்கு நிமிஷம் என் மைக் அணைந்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு டீச்சர் மூச்சு வாங்க வந்தார்.

"ஷெரின், அவரு அஞ்சு லட்சம்னு முதல்ல வாசிக்கணுமாம். கோடு நிறையணுமாம். அதுக்கப்புறந்தான் உள்ள வருவாராம்."

"பணம் வந்துருச்சா டீச்சர்?"

"திங்கக்கிழமை செக் தாராராம்."

"அப்ப திங்கக்கிழமை வாசிக்கிறேன்."

"மண்டபக்காரங்க சங்கத் தேர்தல்ல நிக்கிறாருடா. அவரு நுழையறப்ப கோடு நிறையற மாதிரி வீடியோ வேணுமாம், அவரோட ஆளு கீழ நிக்கிறான். நமக்கென்ன? வாசிச்சிட்டுப் போயேன்."

"போன வருஷம் வாசிச்சோமே டீச்சர். என்ன ஆச்சு?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தாங்க முடியாத கோபம். அவர் மேல் இல்லை. கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறவன் மேல், அதைவிட என் மேல். "பேசிப் பாக்கிறேன்" என்று டீச்சர் இறங்கிப் போனார்.

வீடியோ முடிந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு. நான் சிரித்தேன். "அடுத்த வாசிப்பு" என்று டேப்பைப் பார்த்தேன். கே.புதூர் சுஷ்மா, ஐநூறு. விரகனூர் அருள்பாண்டி, ஆயிரம். பெயர் சொல்ல விரும்பாதவர், ஐம்பத்தொன்று. அடுத்த வரியில் நிறுத்தினேன். என் கண்முன்னாலேயே அந்த வரி ஏறியது: அசோக்குமார், திருமங்கலம், 5,00,000. டீச்சரின் பேச்சு எப்படி முடிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

காதில் ஜினோ: "அக்கா, மொத்தம் எட்டு லட்சத்தத் தாண்டிருச்சு. கோட்ட ஏத்தவா?"

நேரலையில் எண்ணூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவைப் பார்த்தே சொன்னேன்: "ஏத்தாத ஜினோ."

அவன் பதறிவிட்டான். "அக்கா, லைவ்ல இருக்கீங்க!"

"தெரியும். ஏத்தாத." பிறகு பார்க்கிறவர்களிடம் பேசினேன். "மன்னிக்கணும். இந்தப் பட்டியல்ல ஒரு வரி வந்திருக்கு, பணம் இன்னும் வரல. எங்க ஸ்கிரிப்ட்ல ஒரு விதி இருக்கு, வந்ததை மட்டுந்தான் வாசிக்கணும். அதனால அந்த வரியத் தாண்டிப் போறேன். செல்லூர் அனந்தலக்ஷ்மி, இருநூறு. வாழ்த்துகள்ம்மா, நன்றி."

அடுத்த அட்டையை எடுத்தேன்.

ஐந்து நிமிஷ அட்டையும் தீர்ந்தது. பத்தும் தீர்ந்தது. நாற்காலி இன்னும் காலி. பதினோரு பக்கத்தில் இதற்கு மேல் இடைவெளியை நிரப்ப எதுவுமில்லை. ஜினோ, "உதவி நம்பருக்கு ஒரு அம்மா கூப்பிடுறாங்க, ஸ்பீக்கர்ல போடவா?" என்றான். வேறு வழி? "போடு."

"அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து சோலையம்மாள் பேசுறேன். எம்மகனும் உங்க வண்டிலதேன் வருவான்."

"சொல்லுங்கம்மா."

"போன வருசம் எங்க பால் சொசைட்டில அம்புட்டுப் பேரும் சேந்து எட்டாயிரம் போட்டோம். இன்னும் வாங்கித் தாரேன்னு பக்கத்து ஊருக்குக் கெளம்புனேன். அதுக்குள்ள நெறஞ்சிருச்சுன்னு நீங்கதேன் சொன்னீக. உங்க குரலுதேன், எனக்கு மறக்காது. சரி நெறஞ்சிருச்சுல்லன்னு திரும்பிட்டேன். இப்ப மறுபடி கேக்குறீக. அந்த வண்டி எங்க தாயி?"

ஜினோ இணைப்பைத் துண்டிக்கப் போனான். அவன் கை போவதைப் பார்த்துத் தலையாட்டித் தடுத்தேன். ஒரு வருஷமாக யாராவது கேட்க வேண்டும் என்றும், யாரும் கேட்டுவிடக் கூடாது என்றும் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. நேரலையில், எண்ணூறு பேர் முன்னால், ஒரு தாய் கேட்டுவிட்டார்.

"அந்த வண்டி வரலம்மா," என்றேன். "நிறையவே இல்ல. தாரேன்னு ஒருத்தர் சொன்னதை நான் வந்துட்ட மாதிரி வாசிச்சேன். பணம் வரல. வரலங்கிறதையும் நான் உங்க யாருகிட்டயும் சொல்லல. வெக்கமா இருந்துச்சு, அதனால மறைச்சேன். டீச்சர் இல்ல, பள்ளிக்கூடம் இல்ல. வாசிச்சது நான், தப்பு என்னோடது."

போனில் மாடு கத்தியது கேட்டது.

"இப்ப வாசிக்கிறது?"

"இப்ப வாசிக்கிறது மூணு லட்சத்து நாப்பத்தோராயிரத்து நூத்து எழுபது. பேங்க்ல இருக்கு. அதுக்கு மேல ஒரு ரூவா இல்ல."

"அப்ப இன்னும் பாதிக்கு மேல கொறையுதுல்ல?"

"ஆமாம்மா. நாலரை லட்சத்துக்கும் மேல."

"சரி, வைக்கிறேன். பக்கத்து ஊருக்குப் போகணும்" என்று வைத்துவிட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ வைக்கக் கூடாதென்று பிள்ளைகளுக்காக எழுதிய விதி எனக்கும் சேர்த்துத்தான் என்று விழுங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அசோக்குமார் மேலே வந்தார். கீழே போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, முகம் முழுக்கக் கடுப்பு. கேமராவைப் பார்த்ததும் மட்டும் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கை அவரே சட்டையில் மாட்டிக்கொண்டார். பழக்கமான கை. பின்னாலேயே டீச்சர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கதவோரம் நின்றார்.

"ஷெரின்மா," என்றார், தேன் ஒழுக. "இந்த அசோக்குமாரு ஒரு வார்த்தை சொன்னா அது பணம் மாதிரி. திருமங்கலத்துல யாரையும் கேளு. அஞ்சு லட்சம் நான் தாரேன். இந்தா, எல்லார் முன்னாடியும் சொல்றேன். இப்ப வாசி."

"அண்ணே, உங்க மண்டபத்துல வருஷத்துக்கு எத்தன கல்யாணம் நடக்கும்?"

"நூறு, நூத்தம்பது."

"நானே பாதிக்கு மைக் பிடிச்சிருக்கேன். வாசல்ல மொய் எழுதுறாங்கல்ல, அந்த மேசையில ஒருத்தர் வந்து, 'அஞ்சாயிரம் எழுதிக்க, திங்கக்கிழமை தாரேன்'னு சொன்னா எழுதுவாங்களா?"

சிரிப்பு அப்படியே நின்றது. "அது வேற, இது வேற."

"அங்க கையில காசு விழுந்தாத்தேன் நோட்டுல பேரு விழும். உங்க மண்டபத்துலயே அப்படித்தான். இங்க மட்டும் எப்படி வேற ஆகும்?"

கமெண்ட் பக்கம் சரசரவென்று ஓடுவது ஜினோவின் முகத்தில் தெரிந்தது. அசோக்குமார் குனிந்து, மைக்குக்கு எட்டாது என்று நினைத்து முணுமுணுத்தார்: "என்னைய அசிங்கப்படுத்திப் பாக்குறியா?" அது தெளிவாகவே எட்டியது.

"இல்லண்ணே. உங்கள வாசிக்கணும்னுதான் உக்காந்திருக்கேன். கியூஆர் உங்க முன்னாடியே இருக்கு."

"ஜி-பேல ஒரு நாளைக்கு ஒரு லட்சந்தேன் போகும்மா. அது தெரியாதா உனக்கு?"

"தெரியும்ணே. அந்த ஒரு லட்சத்தப் போடுங்க, மிச்சத்துக்கு பேங்க் அக்கவுண்ட் நம்பர் திரையில கீழ ஓடுது. சனிக்கிழமையும் ஆர்டிஜிஎஸ் போகும். நான் காத்திருக்கேன். இங்க எனக்கு இடைவெளியை நிரப்புறதுதான் வேலை."

அவர் போனை எடுத்தார். நான் பேசவில்லை. எட்டு மணி நேரத்தில் நான் வேண்டுமென்றே பேசாமல் விட்ட ஒரே இடைவெளி அது. அரை நிமிஷம், ஒரு நிமிஷம். யாரும் வேறு பக்கம் போகவில்லை. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஆயிரத்து நானூறுக்கு ஏறியது. அவர் விரல் போனில் எதையோ அடித்தது, அழித்தது, திரும்ப அடித்தது. பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு, "போட்டாச்சு, வாசிச்சுக்க" என்று எழுந்தார். மைக் சட்டையிலிருந்து பிய்ந்து தொங்கியது.

கதவோரம் டீச்சர் தன் போனைப் பார்த்தார். வங்கியிலிருந்து செய்தி வந்திருந்தது. என்னிடம் விரலால் காட்டினார். ஸ்கிரிப்டில் எழுதியபடி, ஐம்பத்தொரு ரூபாய்க்கு எந்தக் குரலோ அதே குரலில் வாசித்தேன்:

"திருமங்கலம் அசோக்குமார், பத்தாயிரம் ரூபாய். நன்றி. அண்ணாநகர் கிருபாகரன், முந்நூறு. நன்றி."

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அடுத்த விருந்தினர், பிசியோதெரபி டாக்டர், உள்ளே வந்து உட்கார்ந்தார். டாக்டர் பேசுகிறபோது ஒரு சின்ன வீடியோ ஓடியது. அந்த நேரத்தில் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அஞ்சு லட்சம் போச்சு ஷெரின்."

"வரவே இல்லையே டீச்சர். வராதது எப்படிப் போகும்?"

அவர் என்னை அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். லேப்டாப்பில் பட்டியலைத் திறந்து, அந்த ஐந்து லட்ச வரியைத் தானே அழித்தார். அழித்துவிட்டு, கேமராவில் தெரியாதபடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை.

மாலை ஆறு மணி. ஸ்கிரிப்டின் பதினோராவது பக்கத்தைத் திருப்பினேன். "இலக்கை எட்டிவிட்டோம்" என்று தொடங்கியது. நிறையாவிட்டால் என்ன சொல்வது என்று நான் எழுதியிருக்கவேயில்லை. அவ்வளவு திமிர் எனக்கு. காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"மணி ஆறு. நிகழ்ச்சி முடியணும். நிறையல. வந்தது ஆறு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சு. குறையுறது ஒரு லட்சத்து எழுபத்தோராயிரத்து எண்பத்தஞ்சு. திங்கட்கிழமை பதினேழு பிள்ளைங்க வீட்லதான் இருப்பாங்க. இதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. போன வருஷம் நிறைஞ்சதுன்னு சொன்னப்பதான் வெக்கப்பட்டிருக்கணும். நான் எந்திரிக்கப் போறதில்ல. இன்னைக்கு முடியலன்னா அடுத்த சனிக்கிழமை இதே நாற்காலி, அதுக்கும் அடுத்த சனிக்கிழமை இதே நாற்காலி."

இதுவரை கேமரா பக்கமே வராத அற்புதமேரி டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். நேராக வந்து விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தார். லேப்டாப்பை மடியில் வைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வங்கிக் கணக்கைப் பார்த்தார். பணம் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்காமல் நான் கேட்டது அப்போதுதான்.

"ரெண்டாயிரத்து ஐநூறு வந்துருச்சு. நான் பாத்துட்டேன். பேரு போடல. நீ வாசி."

வாசித்தேன்.